சென்னை லாபம், மான்ட்ரியல் கணக்கு

மான்ட்ரியலில் தலைமையகம் வைத்திருக்கும் சிஜிஐ தன் கணக்கை கனடா டாலரில் வெளியிடுகிறது. ஆண்டை செப்டம்பர் 30-ல் முடிக்கிறது. அதன் இந்திய அலுவலகங்களில் சென்னையும் ஒன்று. இதுபோன்ற நிறுவனத்தின் கன்சாலிடேஷன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தால், ரூபாயில் இருக்கும் ஒரு டிரையல் பேலன்ஸ் சீக்கிரமே உங்கள் மேஜைக்கு வந்துவிடும். அதை டாலராக்கும்போது ஒரு தொகை இடிக்கும். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய் உட்கார வேண்டும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கற்பனையான ஒரு சென்னைத் துணை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் அதன் நிகரச் சொத்து 12 கோடி ரூபாய். அன்றைக்கு ஒரு கனடா டாலர் 60 ரூபாய் என்றால் அது 20 லட்சம் டாலர். அந்த ஆண்டு லாபம் 3.1 கோடி ரூபாய். லாபம் ஒரே நாளில் வருவதில்லை, ஆண்டு முழுக்கச் சேர்கிறது. அதனால் அதற்குச் சராசரி விகிதம். சராசரி 62 என்றால் 5 லட்சம் டாலர். இரண்டையும் கூட்டினால் 25 லட்சம்.

பேலன்ஸ் ஷீட்டிலுள்ள சொத்துக்கும் கடனுக்கும் ஆண்டின் கடைசி நாள் விகிதம்தான். அது 64 என்று வைப்போம். 15.1 கோடி ரூபாயை 64-ஆல் வகுத்தால் 23,59,375 டாலர். 1,40,625 டாலர் குறைகிறது. யாரும் திருடவில்லை. 20 லட்சமாக இருந்த பழைய 12 கோடி, ரூபாய் இறங்கியதால் 18,75,000 ஆகிவிட்டது. அதில் 1,25,000 போச்சு. 62-ல் எழுதிய லாபம் 64-ல் நிற்கிறது, அதில் 15,625. இரண்டும் சேர்ந்தால் சரியாக அந்தத் தொகை. இந்த இரண்டு வரிச் சரிபார்ப்பை எக்செலில் ஒவ்வொரு காலாண்டும் போட்டு வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்த 1,40,625 லாப நட்டக் கணக்கில் வராது. சென்னையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, நாம் பார்க்கும் கண்ணாடிதான் மாறியது. சர்வதேச விதியான ஐஏஎஸ் 21 இதை நிகர லாபத்துக்குக் கீழே ‘இதர விரிவான வருமானம்’ என்ற பகுதியில் காட்டச் சொல்கிறது. அங்கிருந்து அது பங்குதாரர் மூலதனத்துக்குள் தனி வரியாக ஆண்டுக்காண்டு சேரும். பட்டியலிடப்படாத தனியார் நிறுவனங்கள் பலவும் பின்பற்றும் கனடா விதித் தொகுப்பில் அந்த ‘இதர’ பகுதியே கிடையாது. சுயமாக இயங்கும் வெளிநாட்டுக் கிளை என்றால் வித்தியாசம் நேரே மூலதனத்தின் தனி வரிக்குப் போகும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது மூலதன வரிகளில். பங்கு மூலதனத்தையும் பழைய லாபத்தையும் கடைசி நாள் விகிதத்திலேயே மாற்றிவிடுவார்கள். வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோய்க் கணக்கு அழகாக ‘டேலி’ ஆகும். அந்த அழகைக் கண்டால் சந்தேகப்படுங்கள். மூலதனம் பணம் போட்ட நாளின் விகிதத்திலும், பழைய லாபம் அந்தந்த ஆண்டில் எழுதிய டாலர் தொகையிலும் அப்படியே நிற்க வேண்டும்.

அடுத்தது காலண்டர் சிக்கல். கனடா வங்கி தன் தளத்தில் ரூபாய்க்கும் ஆண்டுச் சராசரி தருகிறது. ஆனால் அது ஜனவரி முதல் டிசம்பர் வரை. செப்டம்பரில் ஆண்டு முடியும் நிறுவனம் அக்டோபர் முதலான பன்னிரண்டு மாதச் சராசரிகளைக் கொண்டு மாதாமாதம் மாற்றுவதே சரி. சென்னை நிறுவனமோ இந்தியச் சட்டப்படி மார்ச் 31-ல் ஆண்டை முடிக்கும். தாய் நிறுவனத்தோடு மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி. ஆக, தணிக்கை முடிந்த மார்ச் கணக்கை அனுப்பினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். செப்டம்பர் 30 வரைக்குமான கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

இத்தனையும் சென்னை நிறுவனம் ரூபாயில் வாழ்கிறது என்றால்தான். தாய் நிறுவனத்துக்காக மட்டுமே வேலை செய்து, டாலரில் பில் போட்டு, அங்கிருந்து வரும் பணத்திலேயே ஓடுகிறதென்றால், அதன் இயங்கு நாணயம் கனடா டாலர் என்று முடிவாகலாம். அப்போது வங்கி இருப்பு, வரவேண்டிய பாக்கி போன்றவற்றின் வித்தியாசம் லாப நட்டத்திலேயே விழும். அதனால் இந்த முடிவுக்கான காரணங்களை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூலதனத்தில் தூங்கும் அந்தத் தொகைக்கும் ஒரு நாள் விழிப்பு உண்டு. சென்னை நிறுவனத்தை விற்கும் அன்று, அதுவரை சேர்ந்தது மொத்தமும் லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும். பல நாட்டுக் கிளைகளின் வித்தியாசத்தை ஒரே வரியில் கலந்து வைத்திருந்தால், அன்றைக்குச் சென்னையின் பங்கு எவ்வளவு என்று பழைய கோப்புகளைத் தோண்ட வேண்டியதுதான். முதல் ஆண்டிலிருந்தே நிறுவனவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.