நிலைமாற்றப் படத்தைப் படித்தல்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில், ஜக்கார்டு பெட்டி பொருத்திய பட்டுத்தறியை நீங்கள் பார்த்திருக்கலாம். நெசவாளர் மிதிக்கும் மிதி ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு மிதிப்புக்கும் வெவ்வேறு பாவு இழைகள் மேலெழுகின்றன. எவ்விழைகள் எழவேண்டும் என்பதை, அவ்வேளையில் பெட்டியின் முன் நிற்கும் துளையிட்ட அட்டையே முடிவு செய்கிறது. மிதித்தபின் அடுத்த அட்டை முன்வரும். கடந்து சென்ற அட்டைகளைத் தறி நினைவில் வைப்பதில்லை. இவ்வாறு ஒரே தூண்டலுக்கு, தான் இருக்கும் நிலைக்கேற்ப வேறுவேறு விடை தரும் அமைப்பை நிலைப்பொறி என்பர். அதன் போக்கைக் காட்டும் வரைபடமே நிலைமாற்றப் படம்.

தறியில் அட்டைகள் மிகப் பல. ஆதலால் படிக்கப் பழகுவதற்குச் சிறியதோர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, 2022இல் சென்னைக் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய்க்கு ஒரு துணிப்பை தரும் தானியங்கி இயந்திரம் நிறுவப்பட்டது. நம் பாடத்திற்காக, அத்தகைய இயந்திரம் ஒன்று 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை மட்டுமே ஏற்பதாகவும், பணத்தைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருப்பதாகவும் கொள்வோம்.

குறிப்பேட்டில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள். ஒன்றினுள் 'காத்திருப்பு' என்றும் மற்றதனுள் 'ஐந்து' என்றும் எழுதுங்கள். வட்டம் என்பது நிலை. இயந்திரம் எப்போதும் ஏதேனும் ஒரு வட்டத்தில்தான் இருக்கும். இரண்டிலும் ஒருசேர இராது. வட்டங்களை இணைக்கும் அம்பு நிலைமாற்றம். அம்பின்மேல் ஒரு சாய்கோடு இருக்கும். அதன் இடப்புறம் நிகழ்வது. வலப்புறம் அதனால் இயந்திரம் செய்வது. காத்திருப்பிலிருந்து ஐந்துக்குச் செல்லும் அம்பில் '5 /' என எழுதுங்கள். சாய்கோட்டின் வலப்புறம் வெறுமையாக இருப்பதால், நாணயத்தை ஏற்றதன்றி இயந்திரம் வேறெதுவும் செய்யவில்லை என்று பொருள். ஐந்திலிருந்து காத்திருப்புக்குத் திரும்பும் அம்பில் '5 / பை' என எழுதுங்கள். 10 ரூபாய் இட்டால் உடனே பை கிடைக்கும். எனவே '10 / பை' என்னும் அம்பு காத்திருப்பிலிருந்து புறப்பட்டு வளைந்து அதனிடமே மீளும். ஐந்திலிருந்து காத்திருப்புக்கு 'பொத்தான் / 5 திரும்ப' என இன்னோர் அம்பு வரும்.

படத்தைப் படிப்பவர் ஒரு விரலைக் காத்திருப்பின்மீது வைத்துத் தொடங்கவேண்டும். முதலில் 5 ரூபாய் விழுகிறது. விரல் ஐந்துக்கு நகரும். மீண்டும் 5 ரூபாய். பை வரும், விரல் காத்திருப்புக்குத் திரும்பும். இரு முறையும் விழுந்தது ஒரே நாணயம்; விளைவோ வேறு. தறியில் கண்டதும் இதுவே.

இனி அம்புகளை எண்ணுங்கள். நிலைகள் இரண்டு, நிகழ்வுகள் மூன்று. ஆகவே ஆறு அம்புகள் வேண்டும். நாம் வரைந்தவை நான்கு. விடுபட்டவற்றுள் ஒன்று, காத்திருப்பில் பொத்தானை அழுத்துவது. அதனால் எதுவும் நிகழாது, தன்னிடமே மீளும் அம்பு போதும். மற்றது அவ்வளவு எளிதன்று. ஐந்து ரூபாய் இட்டவர், கையில் வேறு சில்லறை இல்லாமல், அடுத்து 10 ரூபாயை இடுகிறார். படத்தில் அதற்கு வழி இல்லையெனில், இயந்திரம் செய்யவேண்டியதும் எழுதப்படவில்லை என்றே பொருள். '10 / பை, 5 திரும்ப' என்னும் அம்பை வரைந்தால்தான் அவருடைய மீதிப் பணம் அவர் கைக்குச் சேரும். படத்தில் உள்ள அம்புகளைப் படிப்பதைவிட, இல்லாத அம்புகளைக் காண்பதே கடினம்.

பைகள் தீர்ந்துவிட்டால்? நூறு பைகள் உள்ள இயந்திரத்தில், எஞ்சிய ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரு வட்டங்கள் வரைந்தால் இருநூறுக்கும் மேற்பட்ட வட்டங்களாகும். படம் படிக்கத் தகாததாகிவிடும். ஆகவே எண்ணிக்கையைப் படத்திற்கு வெளியே வைத்து, அம்பின்மேல் சதுர அடைப்பில் ஒரு நிபந்தனை எழுதுவர். காத்திருப்பில் '5 [பை உண்டு] /' என்னும் அம்புக்கு இணையாக '5 [பை இல்லை] / 5 திரும்ப' என்னும் அம்பும் வேண்டும். 10 ரூபாய்க்கும் அவ்வாறே. ஐந்து என்னும் வட்டத்தில் இந்நிபந்தனை தேவையில்லை. ஏனெனில் பை இருந்தால்தான் அவ்வட்டத்திற்கே வரமுடியும். வந்தபின் வேறு எவரும் அப்பையை எடுத்துவிட இயலாது.

இறுதியாக, நிலைமாற்றப் படங்களின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து ஒரு வட்டத்திற்குச் செல்லும் அம்பும் காணப்படும். இயந்திரத்திற்கு மின்சாரம் வந்ததும் அது எந்நிலையில் தொடங்கும் என்பதை அப்புள்ளி காட்டுகிறது. நம் படத்தில் அந்த அம்பு காத்திருப்பை நோக்கியது. ஒருவர் 5 ரூபாய் இட்டபின் மின்சாரம் நின்று மீண்டும் வருகிறது என்க. விரலைப் புள்ளியில் வைத்துத் தொடருங்கள். விரல் காத்திருப்பில் நிற்கும். அவர் இட்ட ஐந்து ரூபாயோ பெட்டிக்குள் இருக்கும். பொத்தானை அழுத்தினாலும் அது வெளிவராது. இதனைத் தவிர்க்க, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் நிலையை எழுதிவைத்து, புள்ளியிலிருந்து '[5 உண்டு]', '[5 இல்லை]' என்னும் இரு நிபந்தனைகளோடு இரண்டு அம்புகள் வரையவேண்டும். அவற்றுள் எது எவ்வட்டத்திற்குச் செல்லும் என்பதை நீங்களே வரைந்து பாருங்கள்.