ஏலக்காய் விற்க ஒரு மின்னஞ்சல்



சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியிருப்பவர். "அறுபது கடைக்கு மெயில் போட்டேன் மாமு, ஒரு பதில்கூட வரலை" என்றார். போனை வாங்கிப் பார்த்தோம். To என்ற இடத்தில் அறுபது முகவரிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கடைக்காரரும் மற்ற ஐம்பத்தொன்பது பேரையும் பார்த்திருப்பார். கீழே "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா", பிறகு தம்பியின் கம்பெனி வரலாறு, எட்டுப் புகைப்படங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.

அன்று அவரோடு உட்கார்ந்து எழுதிய கடிதத்தையே இங்கே தருகிறோம். புதிதாக வியாபாரம் தொடங்கும் மற்றவர்களுக்கும் உதவும். மதுரையில் உள்ள ஓர் இனிப்புக் கடைக்கு எழுதியது.

சப்ஜெக்ட்: 7–8 மி.மீ. ஏலக்காய் – உங்கள் கடைக்கு 50 கிராம் மாதிரி

கொள்முதல் மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் புதிய கிளையில் ஏலக்காய் சேர்த்த பால்கோவா வாங்கினோம். அதற்காகவே எழுதுகிறேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து ஏலக்காய் தரம் பிரித்துத் தருகிறேன். 7 முதல் 8 மி.மீ., செயற்கை நிறம் சேர்க்காதது. வெடித்த காய்களைத் தனியாகப் பிரித்துவிடுவேன்.

50 கிராம் மாதிரி இலவசமாக அனுப்பட்டுமா? "சரி" என்று ஒரு வரி பதில் போதும். அன்றைய ஏலத்தையொட்டிய விலையை, மூன்று நாள் செல்லும்படி, மாதிரியோடு எழுதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
(பெயர், கடைப் பெயர், ஊர், செல் எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண்)

சப்ஜெக்ட் வரியில் பொருளும் அளவும் இருப்பதைக் கவனியுங்கள். "வணிக வாய்ப்பு" என்று எழுதினால் திறக்காமலே அழித்துவிடுவார்கள். போனில் அந்த வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் சரக்கின் பெயர் முன்னால் வரவேண்டும்.

விளிப்பில் பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் பதவி. ஆளை அறிந்திருந்தால் ஸலாம் சொல்லலாம், மற்றவர்களுக்கு வணக்கம். கடைக்கு ஒரு போன் போட்டு, கொள்முதல் பார்ப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு போனுக்குத்தான் தம்பி கூச்சப்பட்டார்.

முதல் வாக்கியம்தான் கடினம். அது அந்தக் கடைக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கடைப் பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தால் அது முதல் வாக்கியமே அல்ல. பால்கோவா வாங்காமல் வாங்கியதாக எழுதவும் கூடாது. தம்பி உண்மையில் மதுரைக்குப் போய் வாங்கிவிட்டுத்தான் எழுதினார்.

சரக்கைப் பற்றிய பத்தியில் "தரமான", "சிறந்த" என்ற சொற்கள் இல்லை. எல்லோரும் அதையே எழுதுவதால் வாங்குபவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. மி.மீ. அளவை அவர் சல்லடையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காய் பச்சையாகத் தெரிய நிறம் ஏற்றும் பழக்கம் சந்தையில் உண்டு, அதனால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். தண்ணீரில் ஊறப்போட்டால் அவருக்கே தெரிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

விலையை ஏன் போடவில்லை என்று தம்பி கேட்டார். போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது. விலை ஏலத்துக்கு ஏலம் ஏறும், இறங்கும். தேதி போடாத விலையை இரண்டு வாரம் கழித்துக் காட்டி ஒருவர் சரக்குக் கேட்டால், நஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டும், அல்லது சொன்ன சொல் மாற வேண்டும். ஆகவே விலை எழுதும்போது எத்தனை நாளுக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மாதிரி வேண்டுமா, நேரில் வரட்டுமா, ஆர்டர் தருவீர்களா என்று மூன்றையும் கேட்டால், பிறகு பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுவார்.

கையொப்பத்தில் பதினான்கு இலக்க உரிம எண்ணை விடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் உணவுப் பொருள் வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான். புகைப்படங்களை முதல் கடிதத்தில் இணைக்க வேண்டாம். இணைப்பும் லிங்க்கும் நிறைய இருந்தால் கடிதம் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு உண்டு. அனுப்பும் முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, அதே கடிதத்துக்குக் கீழேயே இரண்டு வரி எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

தம்பி பன்னிரண்டு கடைகளுக்குத் தனித்தனியாக எழுதினார். மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவர் மாதிரி கேட்டார். இன்னொருவர் 8 மி.மீ.க்கு மேல் மட்டும் வேண்டும் என்றார். அது தம்பியிடம் இல்லை. இப்போது இல்லை, வந்தால் எழுதுகிறேன் என்று அன்றே பதில் போட்டுவிட்டார்.