நிறுவனம் மறைந்த பின்னும் தொடரும் பற்று: தவணைப் பிடித்தத்தை நிறுத்தும் முறை

மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து சந்தாவோ, கட்டணமோ, கடன் தவணையோ தாமாகவே கழிக்கப்படும் முறை நம் நாட்டில் பரவலாகிவிட்டது. பணம் பெறும் நிறுவனம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிடலாம். கதவை அடைத்துவிட்டும் போகலாம். ஆயினும் பற்று நிற்பதில்லை. இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் அந்நிறுவனத்தையே தேடுகின்றனர். பழைய தொலைபேசி எண் ஒலிப்பதில்லை. கடிதம் திரும்பி வருகிறது. இத்தேடலில் இரண்டு மூன்று தவணைகள் கழிந்துவிடுகின்றன. பற்றுக்கான அதிகாரம் எங்கு தங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் இத்தேடல் தேவையற்றது என்பது புலனாகும்.

அதிகாரம் தங்குமிடம்

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகத் தவணை பிடிக்கும் பணி இன்று பெரும்பாலும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நடத்தும் 'நாச்' என்னும் தீர்வு முறையின் வழியே நடைபெறுகிறது. முன்னர் இ.சி.எஸ். என்று வழங்கிய முறையின் வாரிசு இது. வாடிக்கையாளர் கையொப்பமிட்டோ, மின்வழியில் ஒப்புதல் அளித்தோ கொடுக்கும் அதிகாரப் பத்திரமே இம்முறையின் ஆணிவேர். வழக்கில் இதனை 'மாண்டேட்' என்பர். பணம் பெறும் நிறுவனம், உச்சத் தொகை, கால இடைவெளி, தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவை இதில் குறிக்கப்படும். ஒவ்வொரு பத்திரத்திற்கும் UMRN எனப்படும் தனி எண் உண்டு.

பதிவான பத்திரம் வாடிக்கையாளருடைய வங்கியின் ஏட்டில் உயிருடன் இருக்கும் வரை, நிறுவனத்தின் சார்பில் அதன் வங்கி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் நிறைவேற்றப்படும். நிறுவனத்தின் அலுவலகம் திறந்திருக்கிறதா, அது சேவை அளிக்கிறதா என்பதை வாடிக்கையாளரின் வங்கி ஆராய்வதில்லை. ஆராயும் கடமையும் அதற்கு இல்லை. மூடப்பட்ட நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மூடப்படாமல் இருந்து, கோரிக்கைப் பட்டியலை அனுப்பும் கணினி ஏற்பாட்டை எவரும் நிறுத்தாமல் விட்டால், பற்று தொடர்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஏமாற்றும் நோக்கம் சில இடங்களில் இருக்கலாம். பல இடங்களில் கவனிப்பாரின்மையே காரணம்.

அதிகாரத்தை அளித்தவர் அதனைத் திரும்பப் பெறலாம் என்பது இம்முறையின் உள்ளேயே அமைந்துள்ளது. அதிகாரப் பத்திரத்தின் படிவத்திலேயே புதிதாகப் பதிதல், திருத்துதல் ஆகியவற்றுடன் CANCEL என்னும் கட்டமும் காணப்படுகிறது. ரத்து செய்யும் கோரிக்கையைப் பணம் பெறும் நிறுவனத்திடமோ, பற்றுக்கு அதிகாரம் பெற்ற தம் வங்கியிடமோ அளிக்கலாம் என்பதும் கையொப்பத்திற்கு மேலுள்ள உறுதிமொழியில் அடங்கியுள்ளது. 'இரண்டில் ஒன்று' என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. நிறுவனத்தின் தடையின்மைக் கடிதம் கொண்டுவந்தால்தான் ரத்து செய்வோம் என்று சில கிளைகளில் கூறப்படுவதுண்டு. நிறுவனமே இல்லாதபோது கடிதம் தருபவர் யார்? காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என அறிவிப்பதற்கு, காசோலையைப் பெற்றவரின் இசைவை எந்த வங்கியும் கேட்பதில்லை. இதுவும் அத்தகையதே.

ரத்துக் கோரிக்கையில் UMRN, கணக்கு எண், நிறுவனத்தின் பெயர் பத்திரத்தில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே, எந்த நாள் முதல் நிறுத்தம் என்பவை இருத்தல் வேண்டும். தவணை நாளுக்குச் சில வேலை நாட்கள் முன்னதாகவே கொடுத்து, நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகையைப் பெறுவது இன்றியமையாதது. பின்னர் எழக்கூடிய வழக்கு முழுவதும் அந்த நாளையே சார்ந்திருக்கும். ரத்துக்குப் பின் நிகழும் பற்று வேறு வகையானது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தம் வங்கியிடம் அதிகாரத்தைத் திரும்பப் பெற்ற பின்னும் கணக்கில் பற்று எழுதப்பட்டால் அதற்கு அவ்வங்கியே பொறுப்பு என்றும், மறுநாளுக்குள் அது சரிசெய்யப்பட வேண்டும் என்றும் வகுத்தது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. ஆனால் ரத்துக்கு முந்தைய பற்றுகள், சேவை நின்றபின் நிகழ்ந்தவையாயினும், வங்கியின் நோக்கில் அதிகாரம் பெற்றவையே. அவற்றை வங்கியிடம் கேட்டுப் பெறுவது அரிது.

பெயர் மாற்றமா, இணைப்பா, மூடலா?

ரத்து செய்வதற்கு முன்னர் நிகழ்ந்தது என்ன என்பதை அறிதல் வேண்டும். நிறுமங்கள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுமத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அதன் நிலை தெரியவரும். அங்கே Active என்றிருப்பின் நிறுமம் உயிருடன் உள்ளது. Amalgamated என்பது இணைக்கப்பட்டுவிட்டதையும், Under Liquidation என்பது கலைப்பு நடைபெறுவதையும், Strike Off என்பது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதையும் குறிக்கும்.

பெயர் மட்டும் மாறியிருப்பின் சட்டத்தின் பார்வையில் அதே நபர்தான். கடனும் ஒப்பந்தமும் அப்படியே நிற்கின்றன. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெயர் மாற்றிய நிறுமம் இரண்டு ஆண்டுக் காலம் தன் பழைய பெயரையும் கடிதத் தாள்களிலும் விலைப்பட்டியல்களிலும் சேர்த்து அச்சிட வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர்கள் இதனை அறிந்து கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது. இணைப்பில், தீர்ப்பாயமோ உரிய அதிகார அமைப்போ அங்கீகரித்த திட்டத்தின்படி பழைய நிறுமத்தின் வரவேண்டிய கடன்கள் யாவும் புதியதற்கு மாறுகின்றன. எச்.டி.எஃப்.சி. வீட்டுக்கடன் நிறுமம் 2023 ஜூலை 1 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கியுடன் இணைந்தபோது, கடன் பெற்றவர்களின் தவணைக் கடமை மறையவில்லை. பெறுபவர் மட்டுமே மாறினார். இத்தகைய மாற்றங்களின்போது பொதுவாக அஞ்ச வேண்டியது இரட்டைப் பற்று. புதிய நிறுவனம் புதிய பத்திரம் கேட்டுப் பெறும். பழையதை ரத்து செய்ய எவரும் நினைவில் கொள்வதில்லை. ஒரே மாதத்தில் ஒரே தொகை இரண்டு UMRN எண்களின் கீழ்க் கழிந்திருப்பதே இதன் அடையாளம். பழைய பத்திரத்தை மட்டும் ரத்து செய்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு பயிற்சி நிலையத்தைக் கொள்வோம். 24 மாதப் பயிற்சிக்குக் கட்டணம் 36,000 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் வீதம் கணக்கிலிருந்து பிடித்தம். ஒன்பதாவது மாத இறுதியில் நிலையம் மூடப்படுகிறது. அதுவரை செலுத்தப்பட்டது 13,500 ரூபாய். பத்தாம், பதினோராம் மாதங்களிலும் பற்று நிகழ்ந்த பின்னரே மாணவரின் தந்தை கணக்குப் புத்தகத்தைக் கவனிக்கிறார்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது, பற்றுக் குறிப்பில் யாருடைய பெயர் உள்ளது என்பதே. நிலையத்தின் பெயரே இருந்தால் வழி எளிது. அதிகாரத்தைத் தம் வங்கியில் ரத்து செய்கிறார். பன்னிரண்டாம் மாதம் முதல் பற்று நிற்கிறது. எஞ்சிய 13 மாதங்களுக்கு அவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை, ஏனெனில் சேவை இல்லை. மூடிய பின் கழிக்கப்பட்ட 3,000 ரூபாயை நிலையத்திடமிருந்தே கோர வேண்டும். நிலையம் நொடிப்பு நடவடிக்கையில் இருப்பின், 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி அதன்மீது வழக்குத் தொடரத் தடை உண்டு. அப்போது பொது அறிவிப்பில் குறிப்பிட்ட நாளுக்குள் தீர்வு அலுவலரிடம் சான்றுகளுடன் கோரிக்கை அளிப்பதே முறை. முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்வதற்கு மட்டும் இத்தடை குறுக்கே நிற்பதில்லை. அது வாடிக்கையாளருக்கும் அவர் வங்கிக்கும் இடைப்பட்டது.

பற்றுக் குறிப்பில் முன்பின் அறியாத ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் நிலைமை வேறு. சேர்க்கையின்போது கையொப்பமிட்ட தாள்களுள் ஒன்று கடன் ஒப்பந்தமாக இருந்திருக்கும். நிதி நிறுவனம் கட்டணத் தொகையை முதலிலேயே நிலையத்திற்குக் கொடுத்துவிட்டது. மாதத் தவணை கடனைத் தீர்ப்பதற்கானது. இங்குப் பற்றெழுதுபவர் மூடப்படவில்லை. அதிகாரத்தை ரத்து செய்தால் பிடித்தம் நிற்கும்; கடன் நிற்பதில்லை. செலுத்தாத தவணைகள் கடன் தகவல் நிறுமங்களுக்கு அறிவிக்கப்பட்டு, பின்னர் வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே வரும். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் உரிய வரம்புக்குள் கடன் கொடுத்தவரையும் அவருடன் பொறுப்பாக்குகிறது. நம் நுகர்வோர் சட்டத்தில் அத்தகைய வெளிப்படையான விதி இடம்பெறவில்லை. இது நிரப்பப்பட வேண்டிய இடைவெளி என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. இன்றைய நிலையில் தந்தை செய்யக்கூடியது, நிலையம் மூடப்பட்டதற்கான சான்றுகளுடன் நிதி நிறுவனத்திற்கு எழுதி, எஞ்சிய 13 தவணைகளான 19,500 ரூபாயைக் கைவிடுமாறு கோருவது. மறுத்தால் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகி, தீர்வு வரும் வரை தவணை வசூலுக்கு இடைக்காலத் தடை கேட்பது.

கணக்கை வெறுமையாக்குவது தீர்வன்று

பணத்தை வேறு கணக்கிற்கு மாற்றிவிட்டால் பற்று தானே திரும்பிவிடும் என்று ஆலோசனை கூறுவோர் உளர். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி அபராதக் கட்டணம் பிடிக்கும். கோரிக்கையோ மீண்டும் வரும். அதனினும் தீவிரமானது 2007ஆம் ஆண்டு பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு. சட்டப்படி செலுத்த வேண்டிய கடனுக்கான மின்வழிப் பற்று போதிய இருப்பின்றித் திரும்புவதை அது குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. மூடப்பட்ட நிலையத்தின் சந்தாவுக்கு இது பொருந்துவது கடினம்; நிதி நிறுவனத்தின் கடனுக்குப் பொருந்தும்.

கடன் அட்டை, பற்று அட்டை வழியே நடைபெறும் தொடர் பற்றுகளுக்கும் இதே தத்துவம்தான். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி ஏற்பாட்டின்படி, பற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அட்டை வழங்கிய வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பின் வழியாகவே விலகிக்கொள்ளவும் இயல வேண்டும். அட்டையை மாற்றினால் மட்டும் பற்று நின்றுவிடும் என்று நம்புவதற்கில்லை. தொடர் அதிகாரத்தையே ரத்து செய்தல் வேண்டும். யு.பி.ஐ. வழியே அளித்த அதிகாரத்தை, அளித்த செயலியிலேயே நீக்கலாம்.

வங்கி ரத்தை ஏற்க மறுத்தாலோ, 30 நாட்களுக்குள் விடையளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in என்னும் தளத்தின் மூலம் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். முறையீட்டுடன் இணைக்க வேண்டியவை மூன்று: ரத்துக் கோரிக்கையின் ஒப்புகை, அதன் பின் நிகழ்ந்த பற்றைக் காட்டும் கணக்குப் பக்கம், வங்கிக்கு எழுதிய புகார். நிறுவனத்தைப் பற்றிய புகாரை 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தனியாகப் பதிய வேண்டும். ஒம்புட்ஸ்மன் விசாரிப்பது அவருடைய வரம்புக்குட்பட்ட வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் மட்டுமே.