வால்பாறையை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்

பொள்ளாச்சியில் அறை எடுத்து ஐந்து நாள் சுற்றுகிறீர்களா? வயதான அப்பா, அம்மாவைக் களைக்க வைப்பது தூரத்தைவிட ஏற்ற இறக்கமும் வளைவும்தான். வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதை முதல் நாளே வைத்தால் மிச்சப் பயணமும் கெடும்.

முதல் நாள் காலை ஆனைமலை மாசாணியம்மன் கோயில் மட்டும் போதும். அமாவாசையன்று கூட்டம் நெரியும், தவிர்த்துவிடுங்கள். இரண்டாம் நாள் மாலை ஆழியாறு. அணையின் மேலே ஏற வேண்டாம், கீழே பூங்காவில் உட்காரட்டும். மூன்றாம் நாள் விடிந்ததும் வால்பாறைக்குக் கிளம்புங்கள். புறப்படுமுன் இரண்டு இட்லி போதும், முன் இருக்கை அம்மாவுக்கு. வழியில் இரண்டு முறையாவது வண்டியை நிறுத்தி இறங்க வையுங்கள். குரங்கு அருவிப் பாறை வழுக்கும், அதன்மேல் ஏற விடாதீர்கள்.

நான்காம் நாள் எங்கும் போகாதீர்கள். ஐந்தாம் நாள் கோவை போய் பேரூர் கோயில் பார்த்து ரயிலேறுங்கள். மருதமலையும் வேண்டுமென்றால் படிகளை விட்டு, வாகனப் பாதையில் போங்கள்.

களைப்பா என்று கேட்டால் அப்பாவும் அம்மாவும் “ஒண்ணுமில்ல கண்ணு” என்பார்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பது, எழும்போது தொடையைப் பிடிப்பது, கணுக்கால் வீங்குவது, இவற்றைக் கண்டால் அன்றைய அடுத்த இடத்தை வெட்டிவிடுங்கள்.