டிரோனும் எதிர்க்காற்றும்

டிரோனைக் காற்றின் போக்கிலே அனுப்பிப் படம் எடுப்போர் திரும்பும்போது இடர்ப்படுவதுண்டு. டிரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், காற்றின் வேகம் 6 மீட்டர் எனக் கொள்வோம். 480 மீட்டர் செல்ல 30 விநாடி போதும். எதிர்க்காற்றில் மீள 2 நிமிடம் ஆகும். மின்சாரமும் ஏறத்தாழ நான்கு மடங்கு செலவாகும். தரையில் இளங்காற்று வீசினாலும் உயரே அது பெரும்பாலும் வலுத்திருக்கும். ஆகவே, முதலில் எதிர்க்காற்றில் செலுத்திக் காற்றோடு திரும்புதல் நலம். 30 விழுக்காடு மின்சாரம் எஞ்சும்போதே இறக்கிவிட வேண்டும்.

புடைத்த மின்கலத்தையும் கீறல் விழுந்த சுழல்விசிறியையும் புறப்படுமுன்பே நீக்குக. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, அரசின் வான்வெளி வரைபடத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ குறிக்கப்பட்ட இடங்களில் முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. அவ்வெல்லைகள் மாறக்கூடுமாதலால், வரைபடத்தைப் பறக்கவிடும் நாளன்றே பார்த்தல் வேண்டும்.