விளக்கம் கேட்டு வந்த கடிதம்

மராட்டிய மாநிலத்தில் பிவண்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே துணிக் கிடங்குகள் ஏராளம். ஒரு கிடங்கில் ஒருவர் 11 ஆண்டுகளாக இரவுக் காவல் வேலை பார்த்து வந்தார். மார்ச் 6ஆம் தேதி மேலாளர் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது:

"மார்ச் 2ஆம் தேதி இரவு 1 மணிக்கு நீர் முன்வாசலில் இல்லை. அனுமதி இல்லாமல் வெளியே போய்விட்டீர். அதனால் 4 துணிச் சிப்பங்கள் காணாமல் போயின. உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? 3 நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்."

இப்படிக் காரணம் கேட்டு வரும் கடிதத்தை விளக்கம் கோரும் நோட்டீஸ் என்பார்கள். இது தண்டனை அல்ல. ஆனால் பதில் சொல்லாவிட்டால் தண்டனை வரை போகலாம்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள். விஷயம் முடிந்துவிடும்" என்றார் உடன் வேலை செய்பவர். காவலாளிக்கு மனம் ஒப்பவில்லை. அவர் தொழிற்சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனார்.

"அன்று இரவு எங்கே இருந்தீர்கள்?" என்று செயலாளர் கேட்டார்.

"பின்வாசலில் இருந்தேன், ஐயா. லாரி வந்தது. மேற்பார்வையாளர்தான் என்னை அங்கே அழைத்தார். லாரி எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார்."

"அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?"

"அலுவலகத்தில் இருக்கிறது."

"அப்படியானால் மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால், தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்."

"நகல் வந்த பிறகு பதில் எழுதலாமா?"

"கூடாது. கெடு தாண்டினால், சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை என்பார்கள். மறுப்பையும் நகல் கேட்பதையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்."

மார்ச் 8ஆம் தேதி காவலாளி எழுதிய பதில் இது:

ஐயா,
தங்கள் நோட்டீஸ் மார்ச் 6ஆம் தேதி எனக்குக் கிடைத்தது.
1. அனுமதி இல்லாமல் வெளியே போனேன் என்பதை மறுக்கிறேன். மேற்பார்வையாளர் அழைத்ததால் பின்வாசலில் லாரியைப் பதிவு செய்தேன்.
2. என்னால் சிப்பங்கள் காணாமல் போயின என்பதையும் மறுக்கிறேன்.
முழு விளக்கம் தர எனக்குக் கீழ்க்கண்டவற்றின் நகல்கள் தேவை:
(அ) மார்ச் 2ஆம் தேதிக்கான பின்வாசல் பதிவேட்டுப் பக்கம்
(ஆ) என்மீது தரப்பட்ட புகார்
(இ) அந்தத் தேதிக்கு முன்பும் பின்பும் சரக்கு எண்ணிய பதிவேட்டுப் பக்கங்கள்
நகல்கள் கிடைத்ததும் முழு விளக்கம் தர 7 நாட்கள் அவகாசம் வேண்டுகிறேன்.
இப்படிக்கு,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனிப் பதில் இருக்கிறது. "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதினால் போதாது. யார்மீதும் வசை இல்லை. கேட்ட தாள்களும் மூன்றுதான். எதற்கு எந்தத் தாள் என்பது பார்த்தவுடன் புரியும். "அலுவலகக் கணக்கு முழுவதையும் தாருங்கள்" என்று கேட்டால் மறுப்பது எளிது.

காவலாளி இரண்டு படிகள் எழுதினார். ஒன்றை மேலாளரிடம் கொடுத்தார். மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்டார். மேலாளர் போட மறுத்தார். காவலாளி அதே கடிதத்தை அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பினார். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நிர்வாகம் புகாரின் நகலை மட்டும் தந்தது. பிறகு விசாரணை தொடங்கியது. அங்கே காவலாளி தம் கடிதத்தையும் ரசீதையும் காட்டினார். மற்ற இரண்டையும் மீண்டும் கேட்டார். விசாரணை அதிகாரி அவற்றைக் கொண்டுவரச் சொன்னார்.

பின்வாசல் பதிவேட்டில் லாரி வந்த நேரம் 1 மணி என்று இருந்தது. மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இருந்தது. சரக்குப் பதிவேடு இன்னொன்றைக் காட்டியது. சிப்பங்களைக் கடைசியாக எண்ணியது பிப்ரவரி 20ஆம் தேதி. அடுத்து எண்ணியது மார்ச் 4ஆம் தேதி. நடுவே எந்த நாளில் அவை காணாமல் போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு குற்றச்சாட்டுகளும் நிற்கவில்லை. நகல் கேட்காமல் இருந்தால் இந்தத் தேதிகள் காவலாளிக்குத் தெரிந்தே இருக்காது.

நகல் தருவது நிர்வாகம் காட்டும் சலுகை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் ஒரு போலீஸ் அதிகாரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். சாட்சிகளின் வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துத் தர அரசு மறுத்திருந்தது. அவருக்குத் தம் தரப்பைச் சொல்லத் தக்க வாய்ப்புத் தரவில்லை என்று 1986இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

சொற்பொருள்
கெடு: குறித்த காலம்
அவகாசம்: கூடுதல் நேரம்
நகல்: பிரதி

பயிற்சி
1. காவலாளி ஏன் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை?
2. நகல் வரும்வரை பதில் தராமல் இருந்தால் என்ன ஆகும்?
3. சரக்குப் பதிவேடு அவருக்கு எப்படி உதவியது?
4. வேலைக்கு 3 நாட்கள் வரவில்லை என்று ஒருவருக்கு நோட்டீஸ் வருகிறது. அவர் மூன்று நாளும் வேலை செய்திருக்கிறார். எந்தத் தாளின் நகலைக் கேட்க வேண்டும்? அவருடைய பதிலை எழுதுங்கள்.