சுட்ட இறைச்சியும் கருகிய ஓரமும்: ஆபத்து எவ்வளவு, தவிர்ப்பது எப்படி?

பெருநாளுக்கு மறுநாள் மாலையில் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டிக் கோழியும் ஆட்டிறைச்சியும் சுடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கடைவீதிக்குப் போனாலும் அல்ஃபாம், தந்தூரி, கபாப் என்று புகை மணக்கிறது. கூடவே கைப்பேசிகளில் ஒரு செய்தியும் சுற்றுகிறது: ஒரு துண்டு கருகிய கோழி இத்தனை சிகரெட்டுக்குச் சமமாம். அதைப் படித்துவிட்டுச் சிலர் சுட்ட இறைச்சியையே ஒதுக்குகிறார்கள். வேறு சிலரோ, காலங்காலமாகத் தின்பதுதானே என்று கரிந்த ஓரத்தையும் ருசித்துத் தின்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு பேசுகிறது. ஆய்வாளர்கள் உண்மையில் கண்டது என்ன என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு பொருள்கள், இரண்டு பிறப்பிடங்கள்

சுட்ட இறைச்சியைப் பற்றிய கவலைக்குக் காரணம் இரண்டு வகை வேதிப்பொருள்கள். முதல் வகைக்கு ஹெட்டரோசைக்ளிக் அமின்கள் என்று பெயர். ஆடு, மாடு, கோழி, மீன் எதுவானாலும் அதன் தசையில் கிரியேட்டின் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது, இந்தக் கிரியேட்டினும் இறைச்சியில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிந்து இந்த அமின்களை உண்டாக்குகின்றன. ஆகவே இவை இறைச்சிக்குள்ளேயே, அதன் சொந்தச் சாற்றிலிருந்தே பிறப்பவை. நெருப்பு வேண்டும் என்பதில்லை. தோசைக்கல்லில் வெகுநேரம் முறுக வறுத்தாலும் உண்டாகும்.

இரண்டாவது வகை பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள். இவை புகையில் பிறப்பவை. இறைச்சியிலிருந்து கொழுப்பும் சாறும் சொட்டித் தணலில் விழுகின்றன. அவை அரைகுறையாக எரிந்து புகையாக எழும்பித் துண்டின் மேல் படிகின்றன. அந்தப் புகையோடு வந்து ஒட்டுவதுதான் இந்த இரண்டாவது வகை. அவற்றுள் பெயர் பெற்றது பென்சோபைரீன். சிகரெட் புகையிலும் வாகனப் புகையிலும் இருப்பது இதே பொருள்தான்.

பிறப்பிடம் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். சால்னா, குழம்பு, தம் பிரியாணி ஆகியவற்றில் இறைச்சி நீரோடு வேகிறது. நீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். குக்கரில் 120 வரை போகலாம். 150 டிகிரியை அது எட்டுவதில்லை. தணலில் கொழுப்பும் சொட்டுவதில்லை. எனவே நம் வீட்டு அன்றாடச் சமையலில் பெரும்பகுதி இந்தக் கவலைக்கு வெளியேதான் இருக்கிறது.

கண்டுபிடித்த கதை

கரியில் சுட்ட மாட்டிறைச்சியில் பென்சோபைரீன் இருப்பதை லிஜின்ஸ்கி, ஷூபிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இல் வெளியிட்டனர். அதன்பின் 1977இல் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தகாஷி சுகிமுராவின் குழு, சுட்ட மீன், இறைச்சி ஆகியவற்றின் கருகிய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, மரபணு மாற்றத்தைக் காட்டும் பாக்டீரியா சோதனையில் வைத்துப் பார்த்தது. மாற்றம் மிக வலுவாகத் தெரிந்தது. அதிலிருந்த பென்சோபைரீனின் அளவை வைத்துக் கணக்கிட்டால் அவ்வளவு வலு வர நியாயமில்லை. அப்படியானால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று தேடியபோதுதான் முதல் வகை அமின்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. கோழியில் மிகுதியாகக் காணப்படுவது அவற்றுள் பிஐபி எனப்படும் அமின்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

1995இல் அமெரிக்காவில் கோழியைப் பல முறையில் சமைத்து அளந்தார்கள். தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக் கறியைத் தணலில் வெகுநேரம் சுட்டபோது, ஒரு கிராமில் 480 நானோகிராம் வரை பிஐபி இருந்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

மிக மோசமான அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். அப்படிச் சுட்ட கோழியை ஒருவர் 200 கிராம் தின்றால், 200 பெருக்கல் 480, அதாவது 96,000 நானோகிராம். இது ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

எலிகளுக்குக் குடலிலும் மார்பகத்திலும் புற்றுநோய் வந்த சோதனையில், தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் பிஐபி கலந்து, 52 வாரம் அதையே உணவாகக் கொடுத்தார்கள். நாம் கணக்கிட்ட மோசமான கோழியில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 800 மடங்கு வித்தியாசம். அதிலும் எலிக்கு ஒரு வருடம் முழுக்க வேறு உணவே இல்லை. நாமோ மாதத்தில் ஒன்றிரண்டு வேளை தின்கிறோம். எலிச் சோதனை சொல்வது, இந்தப் பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உண்டு என்பதை. நம் தட்டில் உள்ள அளவு அதைச் செய்யுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மனிதரிடம் கண்டது

அந்தக் கேள்விக்கு மனிதரைத்தான் பார்க்க வேண்டும். முறுக முறுகச் சுட்ட, வறுத்த சிவப்பிறைச்சியை அதிகம் தின்பவர்களிடம் பெருங்குடல் கட்டிகளும் புற்றுநோயும் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கண்டன. வேறு சில ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு கருகத் தின்றோம் என்று யாராலும் சரியாக நினைவுகூர முடியாது. இந்த அமின்களை உடல் மாற்றியமைக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பென்சோபைரீனோ புகையிலை, வாகனம், விறகடுப்பு என்று பல வழியில் உடலுக்குள் போகிறது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் இறைச்சி பற்றிய ஆய்வுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தது. சிவப்பிறைச்சியை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது. தினமும் 100 கிராம் சிவப்பிறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 17 சதவீதம் கூடலாம் என்பது அது காட்டிய கணக்கு. அந்தத் தொடர்பு உண்மையிலேயே காரணத் தொடர்பாக இருந்தால் என்ற நிபந்தனையோடு. சமைக்கும் முறையால் ஆபத்து மாறுகிறதா என்பதை முடிவு செய்யப் போதிய தரவு இல்லை என்றும் அதே குழு சொன்னது.

சிகரெட்டோடு ஒப்பிடும் செய்தி எங்கே தவறுகிறது என்பதும் இங்கே விளங்கும். பென்சோபைரீனும் புகையிலையும் "புற்றுநோய் உண்டாக்குவது உறுதி" என்ற ஒரே பிரிவில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது. தீங்கு எவ்வளவு பெரியது என்பதை அது அளப்பதில்லை. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பதால் ஒரு துண்டு கோழி இத்தனை சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்குப் போட முடியாது.

ஒரு கிலோ கோழியைச் சுடும் முறை

ஆபத்தின் அளவு இன்னும் முடிவாகவில்லை என்றாலும், இந்தப் பொருள்களைக் குறைக்கும் வழி நன்றாகத் தெரிந்ததுதான். ருசியும் பெரிதாகக் கெடாது. ஒரு கிலோ கால் துண்டுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தோலையும் ஒட்டியுள்ள மஞ்சள் கொழுப்பையும் நீக்குங்கள். சொட்டுவது கொழுப்புதான், அது குறைந்தால் புகை குறையும்.

அடுத்து மசாலா. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, மிளகு தாராளமாகப் போடலாம். தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் போன்ற இனிப்பை ஊறவைக்கும்போது சேர்க்க வேண்டாம். 1997இல் ஒரு ஆய்வில் வினிகர், எலுமிச்சை, பூண்டு, பழுப்புச் சர்க்கரை முதலியவை கலந்து கோழியை ஊறவைத்துச் சுட்டார்கள். பிஐபி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் 30, 40 நிமிடம் சுட்டபோது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு அமின் பத்து மடங்குக்கு மேல் கூடியது. ஆகவே ஊறவைப்பது உதவும் என்றாலும், நீண்ட நேரம் சுட்டால் அது காப்பாற்றாது. இனிப்பு வேண்டுமானால் இறக்கும் தறுவாயில் தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முன்வேக்காடு. இதுவே மிகப் பெரிய பலன் தருவது. துண்டுகளை மூடிய சட்டியில் அல்லது மைக்ரோவேவில் முக்கால் பாகம் வேகவையுங்கள். வெளியேறும் சாற்றோடு கிரியேட்டினும் வெளியேறிவிடும். தணலில் இருக்கும் நேரமும் பாதிக்கு மேல் குறையும். அந்தச் சாற்றைச் சால்னாவில் ஊற்றலாம். சுடும் துண்டின் மேல் திரும்பத் தடவக் கூடாது. முன்வேக்காடு ஆனவுடனே தணலுக்குப் போக வேண்டும். அரைவேக்காட்டுக் கோழியை வெளியே வைத்திருந்தால் கிருமி பெருகி வயிறு கெடக்கூடும்.

நான்காவது, தணல். கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகே கம்பியை வையுங்கள். கரியை இரு ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் துண்டுகளை அடுக்கினால் சொட்டுவது தணலில் விழாது. கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டினால் நான்கைந்து நொடி தாங்க முடிய வேண்டும். அதற்கு முன்பே கை சுட்டால் சூடு அதிகம். சுவாலை எழும்பினால் துண்டை உடனே நகர்த்துங்கள். எண்ணெயை அள்ளித் தடவினால் அதுவும் சொட்டிப் புகையாகும்.

ஐந்தாவது, ஓயாமல் திருப்புங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அரைத்த மாட்டிறைச்சி வடைகளை ஒரே ஒருமுறை திருப்பி ஒரு பாதியும், நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி மறுபாதியும் வறுத்தார்கள். அடிக்கடி திருப்பியவை சீக்கிரம் வெந்தன, அமின்களும் குறைவாக இருந்தன, கிருமிகளும் நன்றாகச் செத்தன.

வெந்ததா, கருகியதா?

பயத்தில் அரைவேக்காட்டில் இறக்கிவிடக் கூடாது. வேகாத கோழியில் உள்ள சால்மோனெல்லா கிருமி உறுதியான, உடனடியான ஆபத்து. குழந்தைகளையும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கும். எலும்பை ஒட்டிய இடத்தில் சூடு 74 டிகிரியை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், எலும்பு வரை கீறிப் பாருங்கள். சதை பளபளப்பாக இருந்தாலோ, எலும்போடு இறுகப் பிடித்திருந்தாலோ இன்னும் கொஞ்ச நேரம் வேக வேண்டும்.

கரிந்த பகுதியைக் கத்தியால் சீவி எறிவது நல்லது. புகை படிந்ததும் அமின் மிகுந்ததும் மேற்பரப்புதான். ஆனால் சீவிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். நன்கு சிவந்து முறுகிய இடத்திலும் அமின்கள் இருக்கும். கருகிய பிறகு சீவுவதைவிடக் கருகாமல் சுடுவதே மேல்.

கடையில் வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். கம்பிக்கடியில் சுவாலை எரிகிறதா, துண்டுகளைத் திருப்புகிறார்களா, ஓரம் கரிக்கட்டையாக இருக்கிறதா என்று கவனித்தால் போதும். கருக வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம். தினமும் சுட்டதும் வறுத்ததுமாகத் தின்னும் வீட்டில், வாரத்தில் பெரும்பாலான நாள்களைக் குழம்புக்கு மாற்றுவது எந்த மசாலா உத்தியையும்விடப் பெரிய பலன் தரும். எப்போதாவது மாடியில் மூட்டும் கரி அடுப்புக்கு, முன்வேக்காடும் ஒதுக்கிய தணலும் ஓயாமல் திருப்பும் ஒரு கையும் இருந்தால் போதுமானது.